கொண்டையும் போனிடெயிலும் டைட்டா கட்டினா வர தலைவலி: பார்லர்ல அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கிருஷ்ணகிரில பார்லர் வெச்சிருக்கேன். வர்றவங்கள்ல பாதிப்பேர் ஓசூர் கம்பெனிங்களுக்கு ஷிப்ட் போற பொண்ணுங்க, அப்புறம் நர்சிங் படிக்கிற பிள்ளைங்க, ஸ்கூல் பாப்பாங்களோட அம்மாங்க. முடி வெட்ட வந்து உக்காந்ததுமே "அக்கா மெதுவா, மண்ட வலிக்குது"ன்னு தான் ஆரம்பிக்கிறாங்க. கேள்வியும் சுத்தி சுத்தி ஒண்ணே தான் வருது, அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டுட்டேன்.

அக்கா முடியில தான் உசுரே இல்லையே, வெட்டினா வலிக்கல, அப்ப இழுத்து கட்டினா மட்டும் ஏன் வலிக்குது?

முடிக்கு உணர்ச்சி இல்ல, சரி தான். ஆனா அது முளைச்சு வர மயிர்க்காலை சுத்தி நரம்பு பின்னிக்கிட்டு இருக்கு. ஒரு எறும்பு முடி மேல ஊர்ந்தாக்கூட தெரியுதுல்ல, அது அந்த நரம்பால தான். போனிடெயில இறுக்கினா அத்தனை மயிர்க்காலும் ஒரே பக்கமா சாஞ்சு இழுபட்டுக்கிட்டே இருக்கும், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இல்ல, எட்டு மணி நேரம் பத்து மணி நேரம். அதோட மண்டைத் தோலும் அடியில இருக்கிற சவ்வும் சேர்ந்து இழுபடுது, அந்த சவ்வு முன்னாடி நெத்தி தசையோடவும் பின்னாடி பிடரி தசையோடவும் சேர்ந்திருக்கு. அதனால தான் உச்சில கட்டின கொண்டைக்கு நெத்தி வலிக்குது, சில பேருக்கு கழுத்து வரைக்கும் இறங்குது.

மூளைக்குள்ள ஒண்ணும் ஆகல, பயப்பட வேணாம். இது முழுக்க மண்டை ஓட்டுக்கு வெளிய இருக்கிற வலி.

எனக்கு வர்றது கொண்டையால வர தலைவலியா இல்ல வேற தலைவலியான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

டாக்டருங்க தலைவலியை வகை பிரிச்சு வெச்சிருக்கிற லிஸ்ட்ல இதுக்குன்னே தனி இடம் இருக்கு. வெளிய இருந்து இழுக்கிறதால வர தலைவலின்னு தான் அதுல போட்டிருக்காங்க. அடையாளம் மூணு: இழுபட்டுக்கிட்டு இருக்கும்போது வரணும், எங்க இழுக்குதோ அங்க தான் அதிகமா வலிக்கணும், அவுத்து விட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடணும். வீட்லயே பாத்துக்கலாம். வலி வந்ததும் ரப்பர் பேண்ட கழட்டி, மணி பாத்து, மறுபடி எதுவும் கட்டாம, மாத்திரையும் போடாம, க்ளட்ச் கிளிப் கூட மாட்டாம அப்படியே விட்டுப் பாருங்க. ஒரு மணி நேரத்துல அடங்கினா காரணம் தெரிஞ்சு போச்சு. அடங்கலன்னா இழுப்போட வேற ஏதோ சேர்ந்திருக்கு, அதை கீழ சொல்றேன்.

இது ஏதோ நமக்கு மட்டும் வர சென்சிட்டிவ்னு நெனைக்காதீங்க. லண்டன்ல பிளாங்கிற நரம்பு டாக்டர் 2004ல இதை எழுதினாரு, அவர் கேட்ட 93 பொண்ணுங்கள்ல 50 பேருக்கு போனிடெயிலால தலைவலி வந்திருக்கு.

ஆனா எனக்கு அவுத்து விட்டப்ப தான் ஜாஸ்தி வலிக்குது, அப்ப கட்டியே வெச்சிருக்கறது தான் நல்லதா?

இல்லம்மா, அது நாள் பூரா இழுத்ததுக்கு வர வலி தான். ஒரே பக்கமா சாஞ்சிருந்த முடிய நீங்க எதிர்ப்பக்கம் தள்ளுறீங்க, ஏற்கனவே புண்ணு மாதிரி இருக்கிற மயிர்க்கால் இப்ப வேற பக்கம் வளையுது, சுருக்குனு வலிக்கத்தான் செய்யும். தலைவலி அடங்கிடும், தொட்டா நோவுற இந்த வலி மட்டும் மறுநாள் வரைக்கும் கூட லேசா இருக்கலாம், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

அவுத்ததும் சீப்பை எடுத்து உச்சிலேர்ந்து இழுக்காதீங்க. விரலை விட்டு வேரை மெதுவா தூக்கி விடுங்க, எந்தப் பக்கம் படிஞ்சிருக்கோ முதல்ல அந்தப் பக்கமே தடவி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. சிக்கு எடுக்கிறது எல்லாம் அரை மணி கழிச்சு, அதுவும் நுனிலேர்ந்து மேல.

டைட்டா இருக்கா சரியா இருக்கான்னு எனக்கே தெரியல, பழகிப் போச்சு, எப்படி பாக்கிறது?

கட்டி முடிச்சதும் கண்ணாடில புருவத்தை மேல தூக்கிப் பாருங்க, நெத்தி ஓரத்துல எங்கயாச்சும் பிடிச்சு இழுத்தா டைட். ரெண்டாவது, ஆள்காட்டி விரலை நெத்திப் பொட்டு பக்கம் முடிக்கு அடியில விடுங்க, விரல் நுனி சுலபமா உள்ள போகணும். மூணாவது தான் முக்கியம், வெளிச்சத்துல காதுக்கு மேல இருக்கிற முடி ஓரத்தை கிட்டக்க பாருங்க, ஒவ்வொரு முடியோட வேர்லயும் தோல் சின்னதா கூம்பு மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சுன்னா அது ரொம்ப ஓவர். நீங்க அதை பாத்திருக்க மாட்டீங்க, ஆனா நாங்க பின்னாடி நின்னு பாக்கும்போது பளிச்சுனு தெரியும்.

பழகிப் போச்சுங்கறது ஒரு தொந்தரவு தான், காலைல கட்டும்போது கொஞ்ச நேரம் வலிச்சு அப்புறம் தெரியாம போயிடுது, அதனால சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்கறோம். இழுப்பு அப்படியே தான் இருக்கு.

கம்பெனில ஒரு முடி வெளிய தெரியக்கூடாதுன்னு சொல்றாங்க, லூசா கட்டினா லைன்ல திட்டு விழுது, நான் என்ன தான் பண்றது?

இந்தக் கேள்வி தான் அதிகம் வரும், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். முடி வெளிய வராம இருக்கிறதுக்கும் வேர்ல இழுக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. வெளிய வராம பாத்துக்கறது நெட், பின், கேப் இதோட வேலை. நாம அந்த வேலையையும் ரப்பர் பேண்ட் தலைல கட்டிட்டோம். ஷாமியானா போடும்போது மொத்த துணியையும் ஒரே முளைல இழுத்து கட்டினா முளை பிடுங்கிக்கும், நாலு பக்கமும் முளை அடிச்சா எதுக்கும் பெருசா பாரம் இருக்காது, கொண்டையும் அதே கணக்கு தான்.

முடி காஞ்சிருக்கணும். சீப்பால வழிச்சு இழுக்காம கையால அள்ளி, உச்சில இல்லாம பிடரிக்கு மேல காது மடல் மட்டத்துக்கு கொண்டு வாங்க. லைன்ல உக்காந்து குனிஞ்சு பாக்கிற வேலைன்னா கட்டும்போதும் தலையை லேசா முன்னாடி குனிஞ்சு கட்டுங்க, இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. நிமிந்தோ பின்னாடி சாச்சோ கட்டிட்டு எட்டு மணி நேரம் குனிஞ்சா பிடரி முடி பூரா இழுபட்டுக்கிட்டே இருக்கும். துணி சுத்தின பேண்ட் போதும், ரெண்டு சுத்து. மூணாவது சுத்து வராம நிக்கலைன்னா பேண்ட் பெருசுன்னு அர்த்தம், சின்ன பேண்ட் வாங்குங்க. கட்டினப்புறம் வாலை ரெண்டா பிரிச்சு இழுத்து டைட் பண்ற பழக்கம் இருக்கே, அதை விட்டாலே பாதி வலி குறையும். அதுக்கு பதிலா உச்சில உள்ளங்கைய வெச்சு தோலை லேசா பின்னாடி தள்ளுங்க, முன்முடி கொஞ்சம் இளகும்.

அப்புறம் முடிய முறுக்கி சுத்தாதீங்க. முறுக்க முறுக்க அந்த இறுக்கம் வேர் வரைக்கும் போகும். சாதாரண மூணு கால் பின்னல் போட்டு, அந்தப் பின்னலை பேண்டைச் சுத்தி தளர்வா வளைச்சு வெச்சுக்கங்க. இப்ப யூ பின் நாலு அஞ்சு, சுத்திலும். பின்னை நேரா குத்தினா நிக்காது, கொண்டையோட ஓரத்து முடிய கொஞ்சம் பிடிச்சு, அடியில இருக்கிற தலைமுடியையும் கொஞ்சம் பிடிச்சு, அப்படியே பின்னைத் திருப்பி கொண்டை நடுவுக்கு தள்ளணும், அப்ப பூட்டிக்கும், கை எடுத்தாலும் ஆடாது. இப்ப பாரம் ஒரு பேண்ட் மேல இல்ல, சுத்தி இருக்கிற பின்னுங்க மேல பிரிஞ்சிடுச்சு. கடைசியா நெட். நெத்தி ஓரத்துல பறக்கிற குட்டி முடிக்கு உள்ளங்கையில துளி ஜெல் தேச்சு தடவுங்க, அதுக்காக மொத்தத்தையும் இழுக்க வேணாம்.

கேப் போட்டா கூட வலிக்குதே, அது எதுல சேர்த்தி?

அது இழுப்பு இல்ல, அமுக்கம். எலாஸ்டிக் வெச்ச கேப், ஹேர் பேண்ட், இறுக்கமான கண்ணாடிப் பட்டை இதெல்லாம் நெத்திய சுத்தி அமுக்கி வலி கொடுக்கும், கழட்டினா இதுவும் ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும். கேப் எலாஸ்டிக் கோடு தோல்ல ஆழமா பதிஞ்சா பெரிய சைஸ் கேளுங்க. கொண்டை உச்சில இருந்தா கேப் மேல ஏறி நெத்திப் பக்கம் இறுக்கும், கொண்டையைக் கீழ இறக்கினா கேப்பும் தானா தளரும்.

நான் பாலக்கோடு பக்கம், விடியக்காத்தால கம்பெனி பஸ், ஷிப்ட் முடிஞ்சு வந்தும் ராத்திரி வரைக்கும் தலைவலி, கண்ணு டெஸ்ட் பண்ணியும் ஒண்ணும் இல்லைனுட்டாங்க, இதுவும் கொண்டை தானா?

இந்தப் பொண்ணு நேர்ல வந்துச்சு, அதனால நடந்ததையே சொல்றேன். நாலரைக்கு எந்திரிச்சு தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட உச்சிக் கொண்டை, மெல்லிசு ரப்பர் பேண்ட் நாலு சுத்து, மேல நெட், மேல கேப். டிபன் சாப்பிடாம பஸ் ஏறிடும். பத்து மணி வாக்குல வலி ஆரம்பிக்கும். மதியம் மூணு மணிக்கு கேப்பைக் கழட்டும், கொண்டைய கழட்டாது, பஸ்ல அப்படியே சாஞ்சு தூங்கிட்டு வரும். வீட்டுக்கு வந்து அவுத்து சிக்கு எடுத்து உடனே மறுபடி க்ளிப் போட்டு உச்சில ஏத்திட்டு சமையல். ஆக தூங்கற வரைக்கும் அந்த மண்டை ஒரு மணி நேரம் கூட சும்மா இருந்ததில்ல, அப்புறம் ஒரு மணி நேரத்துல வலி போகுதான்னு எப்படி தெரியும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. மாத்தினா எது வேலை செஞ்சுச்சுன்னே தெரியாது. முதல் வாரம் ஒண்ணே ஒண்ணு, ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறினதும் கொண்டைய அவுத்து தளர்வா பின்னி விடணும். சாயங்கால வலி நின்னுச்சு, பத்து மணி வலி அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது வாரம் தலைக்கு குளிக்கிறதை முந்தின நாள் சாயங்காலத்துக்கு மாத்தி, மேல சொன்ன பிடரிக் கொண்டைக்கு வந்துச்சு. காது மேல பொட்டு பக்கம் இருந்த வலி போயிடுச்சு. ஆனா வாரத்துல சில நாள் பதினோரு மணிக்கு நெத்தி பாரமா இன்னும் இருக்குன்னுச்சு. அந்த வலி கொண்டைய அவுத்தாலும் போகல, சாப்பிட்டா போச்சு. அது பட்டினி வலி, டிபன் டப்பாவை பஸ்லயே காலி பண்ண ஆரம்பிச்சதும் அதுவும் குறைஞ்சுது. ஒரே தலைல ரெண்டு மூணு காரணம் ஒண்ணா உக்காந்திருக்கும், அதனால தான் ஒண்ணொண்ணா பிரிச்சு பாக்கணும்ங்கறேன்.

காலைல குளிச்சுட்டு ஈரத்தோட கட்டினா என்ன, நேரம் தான் இல்லையே?

ஈரமா இருக்கும்போது முடி ரப்பர் மாதிரி நீளும், நீட்டி வெச்சு கட்டிடறோம், காய காய அது பழைய நீளத்துக்கு திரும்பப் பாக்கும். அதனால காலைல சரியா இருந்த கொண்டை பத்து மணிக்கு தானா டைட் ஆயிடுது. ஈர முடி சீக்கிரம் அறுந்தும் போகும், பேண்ட் போடுற இடத்துல மட்டும் முடி உடைஞ்சு குட்டையா நிக்கிறது அதனால தான். இதுல நெட்டும் கேப்பும் போட்டு மூடினா உள்ள காயாம நாத்தம், பொடுகு, அரிப்பு எல்லாம் சேர்ந்துக்கும், அரிச்சு சொறிஞ்ச தோலை இழுத்தா இன்னும் வலி.

நேரம் இல்லைன்னா சாயங்காலம் குளிங்க. அதுவும் முடியலைன்னா ஈரத்தோட வெறும் பின்னல் போட்டு பஸ் ஏறுங்க, கம்பெனி வாசல்ல இறங்கினதும் பின்னலை வளைச்சு பின் குத்திக்கங்க. ஓசூர் போற தூரத்துக்கு ஜன்னல் காத்துலயே பாதி காஞ்சிடும்.

எண்ணெய் தேச்சு நல்லா அழுத்தி மசாஜ் பண்ணா போயிடுமா? எங்கம்மா அதான் சொல்றாங்க.

மெதுவா தடவினா இதமா இருக்கும், அதுல தப்பில்ல. ஆனா வலிக்கிற இடத்துல நகத்தை வெச்சு அரக்கித் தேய்க்கிறதும், தேச்ச கையோட மறுபடி இழுத்து ஜடை போடுறதும் தான் வழக்கமா நடக்குது, அப்புறம் எப்படி குறையும். இழுப்பை எடுக்காம எண்ணெய் மட்டும் வெச்சு பிரயோஜனம் இல்ல.

நெத்தி ஓரத்துலயோ காதுக்கு மேலயோ சின்ன சின்ன பருவோ சீழ் கொப்புளமோ இருந்தா அங்க எண்ணெயே வேணாம். அது சூட்டுக் கொப்புளம்னு விடுறாங்க, பல நேரம் இழுத்து இழுத்து மயிர்க்கால் வீங்கினது. முதல்ல கட்டுறதை தளர்த்துங்க, ரெண்டு வாரத்துல அடங்கலன்னா தோல் டாக்டர்.

ஸ்கூல்ல ரெட்டை ஜடை மடிச்சுக் கட்டி ரிப்பன் போடணும், பாப்பா தினமும் அழுவுது, லூசா போட்டா மதியத்துக்குள்ள பிரிஞ்சிடுது, என்ன பண்ண?

ஜடை பிரியாம இருக்க மேல டைட்டா இருக்கணும்னு தேவையே இல்ல, கீழ தான் டைட்டா இருக்கணும். முதல் மூணு மடிப்பை தளர்வா போடுங்க, அதுக்கு கீழ நீங்க வழக்கமா போடுற இறுக்கத்துல போட்டு நுனியை ரிப்பன் வெச்சு கட்டுங்க. ஆரம்பிக்கிற இடமும் காதுக்கு மேல வேணாம், காதுக்கு பின்னாடி கீழ. மடிச்சுக் கட்டுறப்ப ரிப்பனை ஜடையோட சேர்த்து கட்டுங்க, தலையோட ஒட்டி வேர்ல இழுத்து முடிச்சு போட வேணாம். தினமும் அதே நேர் வகிடு எடுத்தா அந்த வகிட்டோட ரெண்டு பக்க முடியும் தினமும் இழுபடுது, ஒரு விரல் தள்ளி எடுத்தா ஸ்கூல்ல யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல.

ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் வேலை ரிப்பனைக் கழட்டுறது, யூனிபார்ம் கூட அப்புறம். பேன் ஏறிடும்னு பயந்து சில அம்மாங்க ராத்திரியும் இறுக்கி பின்னி விடுறாங்க. பேன் முடியோட முடி உரசினா ஏறும், முடி கட்டி இருந்தா ஏறுறது குறையும் அவ்வளவு தான், அதுக்கு சாதா பின்னலே போதும், இறுக்கத்துக்கும் பேனுக்கும் சம்பந்தம் இல்ல. பாப்பா சீப்பை பாத்ததும் ஓடுதுன்னா அடம்னு நெனைக்காம காதுக்கு மேல ஒரு தடவ விரலால தொட்டுப் பாருங்க.

விசேஷத்துக்கு சவுரி வெச்சு பூ நிறைய வெச்சா மறுநாள் வரைக்கும் தலை தூக்க முடியல, ஒரு நாள் தானேன்னு விடலாமா?

ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகிடாது, ஆனா வலிய குறைக்க வழி இருக்கு. நம்ம பக்கம் ராயக்கோட்டை பூவை முழம் முழமா வெச்சு, அதுக்கு அடியில சவுரி, ஜடை பில்லை, எல்லா கனமும் உச்சில ஒரு கொத்து முடி மேல தொங்குது, அதான் வலி. சவுரியை உச்சில கட்டாம பிடரி கிட்ட பின்னலோட ஆரம்பத்துல சேர்க்கச் சொல்லுங்க. பூவை தண்ணி தெளிச்சு ஈரத்தோட வெக்காம உதறிட்டு வெச்சா கனம் குறையும். பூச்சரத்தை ஜடையில நாலு இடத்துல பின் குத்தணும், மேல ஒரே இடத்துல தொங்க விடக்கூடாது.

மேக்கப் பண்றவங்க கிட்ட உக்காந்தப்பவே வலிக்குதுன்னா உடனே சொல்லிடுங்க, பிற்பாடு எடுக்க முடியாது. முகூர்த்தம் முடிஞ்சதும் ரிசப்ஷனுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் அவுத்து அரை மணியாவது விடுங்க.

ஹெல்மெட் போடும்போது கொண்டை எங்க வெக்கிறது?

எங்கயும் வேணாம். உச்சிக் கொண்டைன்னா ஹெல்மெட் சரியா உக்காராது, விழுந்தா பாதுகாப்பும் இல்ல. பிடரிக் கொண்டைன்னா ஹெல்மெட் விளிம்பு அதை முன்னாடி தள்ளி வேர்ல குத்தும். வண்டில போறப்ப தாழ்வா ஒரு பின்னல், அதை சட்டைக்குள்ளயோ துப்பட்டாக்குள்ளயோ போட்டுக்கங்க, போய் இறங்கி கொண்டை போடுங்க.

தூங்கும்போது கட்டலாமா வேணாமா?

நீள முடின்னா விரிச்சுப் போட்டா சிக்கு ஆகும், அதனால தளர்வா ஒரு பின்னல், நுனில மட்டும் துணி பேண்ட். கொண்டையோட படுத்தா தலையணை அதை ஒரு பக்கம் தள்ளி ராத்திரி பூரா இழுக்கும், காலைல எந்திரிக்கும்போதே தலை நோவும். மயிர்க்காலுக்கு ஓய்வு கிடைக்கிறதே அந்த சில மணி நேரம் தான்.

நெத்தி ஏறிக்கிட்டே போகுது அக்கா, டைட்டா கட்டினதாலயா, திரும்ப முளைக்குமா?

நெத்தி ஓரமும் காதுக்கு முன்னாடி பொட்டுப் பக்கமும் தான் முதல்ல போச்சுன்னா இழுப்பால இருக்கலாம். ஒரு அடையாளம் சொல்றேன், முடி போன இடத்துக்கு முன்னாடி, நெத்தி எல்லைல, மெல்லிசா குட்டி முடி ஒரு வரிசை மட்டும் மிஞ்சி நிக்கும். அது குட்டையா இருக்கிறதால ரப்பர் பேண்டுக்குள்ள மாட்டாம தப்பிச்ச முடி. ஆனா இது இருந்தா தான் இழுப்புன்னு இல்ல, இரும்புச்சத்து குறைவு, தைராய்டு, பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுறது இதெல்லாம் சேர்ந்தும் வரும், அதெல்லாம் பெரும்பாலும் தலை பூரா கொட்டும்.

சீக்கிரமா கவனிச்சு கட்டுறதை மாத்தினா திரும்ப முளைக்கும், மாசக்கணக்குல ஆகும், ஏன்னா முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தான் வளரும். வருஷக்கணக்கா இழுத்து அந்த இடம் வழுவழுன்னு பளபளப்பாகி மயிர்க்கால் ஓட்டையே தெரியலைன்னா அங்க தழும்பு விழுந்திடுச்சு, அது திரும்ப வர்றது கஷ்டம். அதனால தான் வலியை வெறும் வலின்னு விடாதீங்கன்னு சொல்றேன், முடி கொட்டுறதுக்கு முன்னாடி வர சிக்னல் அந்த வலியும் மேல சொன்ன பருவும் தான். மெடிக்கல்ல கேட்டு ஏதாவது க்ரீம் வாங்கி தடவாதீங்க, தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊர்லயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தோல் பிரிவுல காட்டுங்க.

நீங்க சொன்ன மாதிரி தளர்வா தான் கட்டறேன், அப்பவும் சில நாள் சீப்பு பட்டாலே வலிக்குது, ஏன்?

சில நாள் மட்டும்னா, அந்த நாள்ல வேற என்ன இருக்குன்னு பாருங்க. ஒரு பக்கம் விண்ணு விண்ணுனு வலி, வெளிச்சம் சத்தம் ஆகல, வாந்தி வர மாதிரி இருக்குன்னா அது மைக்ரேன். மைக்ரேன் வர்றப்ப நிறைய பேருக்கு தோலே கூச்சமாயிடும், சீவினா, கண்ணாடி போட்டா, தலையணைல சாஞ்சா, கம்மல் பட்டாக்கூட வலிக்கும். அதுல கொண்டை காரணம் இல்ல, ஆனா கொண்டை கட்டினா தாங்காது. சில பேருக்கு உல்டாவா நடக்கும், டைட் கொண்டையில ஆரம்பிச்ச வலி மைக்ரேனா முத்திடும், அவங்களுக்கு தான் ரெண்டாவது கேள்வில சொன்ன ஒரு மணி நேர கணக்கு ஒத்து வராது.

அந்த நாள்ல ரப்பர் பேண்டே வேணாம், ஒரு பெரிய க்ளட்ச் கிளிப் பிடரில தளர்வா. வந்த தேதி, ஆரம்பிச்ச நேரம், அன்னிக்கு தலை எப்படி கட்டியிருந்தீங்க, மாதவிலக்கு தேதி, இதை போன்லயே எழுதி வெச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டினா அவருக்கு வேலை சுலபம்.

தினமும் ஒரு பாரசிட்டமால் போட்டுட்டு தான் ஷிப்ட் போறேன், வலி வர்றதுக்கு முன்னாடியே. தப்பா?

தப்பு தான். இழுக்கிறதை நிறுத்தினா போற வலிக்கு எதுக்கு மாத்திரை. இன்னொண்ணு, சாதா வலி மாத்திரையே மாசத்துல 15 நாள் அல்லது அதுக்கு மேல, மூணு மாசத்துக்கு மேல போட்டுக்கிட்டே இருந்தா அந்த மாத்திரையாலயே தலைவலி வரும், ரெண்டு மூணு மருந்து கலந்த மாத்திரைன்னா 10 நாளே போதும். ஏற்கனவே அப்படி போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க, நிறுத்தின புதுசுல கொஞ்ச நாள் வலி ஜாஸ்தியாகும்.

எங்க அத்தைக்கு 62 வயசு, புதுசா நெத்திப் பொட்டுல வலி, சீவ விட மாட்டேங்கறாங்க, கொண்டை இறுக்கம்னு நெனச்சு அவுத்து விட்டுட்டோம், போதுமா?

போதாது. அம்பது வயசுக்கு மேல புதுசா வர தலைவலி, அதோட தலைல தொட்டா வலி, சாப்பாடு மெல்லும்போது தாடை வலி, கண்ணு மங்குது இல்ல ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா அது நெத்திப் பொட்டுல ஓடுற ரத்தக் குழாய் வீக்கமா இருக்கலாம். விட்டா கண்பார்வையே போகக்கூடியது, அதனால நாளைக்கு பாக்கலாம்னு வெக்கக்கூடாது. நம்ம ஊர்ல அவ்வளவா காண்றதில்ல, ஆனா வந்தா லேட் பண்ண முடியாது. அத்தைக்கு இதுல எது இருந்தாலும் இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, கண்ணுல எதாவது மாத்தம்னா நேரா அவசர சிகிச்சைக்கு.

வயசு எதுவானாலும் திடீர்னு இடி விழுந்த மாதிரி வர தலைவலி, காய்ச்சலோட கழுத்து வளைக்க முடியாத வலி, கை கால் மரத்துப் போறது, பேச்சு குளறுறது, தலைல அடிபட்டதுக்கு அப்புறம் வர வலி, இதுக்கெல்லாம் ரப்பர் பேண்டைக் கழட்டி ஒரு மணி நேரம் பாக்கிற வேலை வேணாம், 108க்கு போன் பண்ணுங்க.